காப்பியடித்த இயலை மாற்றி எழுதித் தரச் சொல்லும் முன்: பிஎச்.டி. ஆய்வாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆய்வேட்டைச் சமர்ப்பித்து வைவா முடித்ததிலிருந்து எனக்கு மாதம் ஒருமுறையாவது இப்படி ஒரு போன் வருகிறது. "அக்கா, ரெண்டாவது சாப்டர் மட்டும் சிமிலாரிட்டி 38 பர்சன்ட் காட்டுது. பத்துக்குள்ள வரணுமாம். நீங்க கொஞ்சம் வார்த்தையை மாத்திக் குடுத்தா போதும். இல்லன்னா யாராவது செஞ்சு குடுக்குறவங்க நம்பர் இருந்தா குடுங்க."

நம்பர் தருவதில்லை. மாற்றியும் தருவதில்லை. பதிலாக, அந்த இயலை எப்படி நேர்செய்வது என்று உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். நம் எழுத்து பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தரும் சிமிலாரிட்டி அறிக்கையை எப்படிப் படிப்பது, எதை நீக்கலாம், எதை மறுபடி எழுத வேண்டும், சான்றிதழுக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்று எனக்கு யாரும் ஒரே இடத்தில் சொல்லித் தரவில்லை. நூலகத்தில் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர், சீனியர் ஒருவர் என்று துண்டு துண்டாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கீழே உள்ளது தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. செய்பவர்களுக்கானது. எடுத்துக்காட்டாக நான் காட்டுவது, எங்கள் துறையில் எனக்கு இளையவர் ஒருவரின் இலக்கிய மீளாய்வு இயல். சுய உதவிக் குழுக்கள் பற்றிய ஆய்வு. அவர் ஒப்புதலோடுதான் எழுதுகிறேன்.

1. சதவீதத்தைப் பார்க்காதீர்கள், அறிக்கையைத் திறங்கள்

முதல் பக்கத்தில் பெரிதாக இருக்கும் அந்த எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்களில் பாதிப் பேர் அடுத்த பக்கத்தைத் திறப்பதே இல்லை. மென்பொருளுக்குத் திருட்டு எது என்று தெரியாது. உங்கள் சொற்றொடர் வேறெங்காவது இருக்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். நீங்கள் முறையாக மேற்கோள் குறிக்குள் போட்ட வரியையும் வண்ணம் அடிக்கும், துணைநூற்பட்டியலையும் வண்ணம் அடிக்கும்.

இளையவரின் இயலில் முதலில் காட்டியது 38. துணைநூற்பட்டியலை விலக்கிவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னோம், 31 ஆனது. இந்த 31 எங்கிருந்து வருகிறது என்று மூலவாரிப் பட்டியலைப் பார்த்தால் கதை தெளிவாகிவிட்டது. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் இருக்கும் ஒரே ஒரு ஆய்வேட்டிலிருந்து 19. ஒரு இதழ்க் கட்டுரையிலிருந்து 6. மிச்சம் 6, அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒவ்வொரு சதவீதம்: கல்லூரியின் பெயர், அரசுத் திட்டங்களின் முழுப்பெயர், "இந்த ஆய்வின் நோக்கங்கள் பின்வருமாறு" போன்ற எல்லாரும் எழுதும் வரிகள்.

சிதறிக் கிடக்கும் அந்த 6-ஐப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். சிக்கல் 19-இலும் 6-இலும் இருக்கிறது. ஒரே மூலத்திலிருந்து பத்தி பத்தியாகத் தொடர்ச்சியாக வண்ணம் விழுந்திருந்தால் அது எடுத்து ஒட்டியது என்று நெறியாளர் கண்ணுக்கு உடனே தெரியும். மொத்தம் 9 சதவீதம்தான் என்றாலும், அந்த 9-உம் ஒரே ஆய்வேட்டின் ஐந்து பக்கமாக இருந்தால் அது தப்பாது.

அறிக்கையை அச்செடுத்து, ஒவ்வொரு வண்ணப் பகுதிக்கும் ஓரத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: "விடலாம்", "மேற்கோள் குறி விட்டுப்போனது", "மறுபடி எழுத வேண்டும்". ஒரு மாலையில் முடிந்துவிடும் வேலை. அடுத்த மாதத் திட்டமே இதை வைத்துத்தான்.

2. விதி என்ன சொல்கிறது

யுஜிசி 2018-இல் கல்வி நேர்மை பற்றியும் கருத்துத்திருட்டுத் தடுப்பு பற்றியும் ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40-க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய பிரதியைக் கொடுக்கவே ஓராண்டு தடை. 60-க்கு மேல் போனால் பதிவே ரத்து.

பட்டம் வாங்கிய பிறகு கண்டுபிடிக்கப்பட்டால்? அதற்கும் விதி இருக்கிறது: பல்கலைக்கழகக் குழு சொல்லும் காலத்துக்குப் பட்டத்தை நிறுத்தி வைக்கலாம். இரண்டாம் முறை பிடிபட்டால், முன்பு கிடைத்ததற்கு ஒரு படி மேலான தண்டனை.

எவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் அதே விதியில் உண்டு. உரிய அனுமதியோடோ மூலம் குறிப்பிட்டோ எடுத்தாண்ட மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, பொதுவான சொற்கள், சட்டங்கள், வழக்கமான குறியீடுகளும் சமன்பாடுகளும். பொது அறிவாக உள்ளதோ தற்செயலாக ஒத்துப்போவதோ ஆன தொடர், 14 சொற்கள் வரை விலக்கு. இந்த 14-ஐத்தான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "பதிமூணு வார்த்தைக்கு ஒரு வார்த்தையை மாத்தினா போதும்" என்று ஒரு சூத்திரமே உலவுகிறது. தற்செயலுக்குக் கொடுத்த இடத்தை வேண்டுமென்றே எடுப்பதற்கான அனுமதியாகக் கொள்ள முடியாது. தவிர, ஆய்வுச் சுருக்கம், கருதுகோள், முடிவுகள், பரிந்துரைகள் ஆகியவை ஆய்வாளரின் சொந்தக் கருத்தாகவே இருக்க வேண்டும், அங்கே ஒப்புமையே கூடாது என்றும் விதி சொல்கிறது.

உங்கள் பல்கலைக்கழகம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம். இயல்வாரியாகச் சதவீதம் கேட்கும் இடங்களும் உண்டு. ஆராய்ச்சிப் பிரிவு அலுவலகத்தில் சுற்றறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

3. "மாற்றித் தருகிறோம்" என்பவர்கள் செய்வது என்ன

டி.டி.பி. சென்டரிலோ ஆன்லைனிலோ பக்கக் கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறார்கள். வேலை பெரும்பாலும் மூன்று வகை.

முதல் வகை, ஒவ்வொரு சொல்லுக்கும் மாற்றுச் சொல் போடுவது. மென்பொருளில் போட்டோ, ஆங்கிலத்திலிருந்து வேறொரு மொழிக்குக் கொண்டுபோய் மறுபடி ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தோ செய்வார்கள். இதன் விளைவை 2021-இல் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகசினோவ் என்ற மூவர் ஆய்விதழ்களில் தேடித் தேடிக் காட்டினார்கள். 'பிரெஸ்ட் கேன்சர்' என்பது 'புஸம் பெரில்' ஆகியிருந்தது. 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' என்பது 'கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்' ஆகியிருந்தது. இப்படிச் சிதைந்த தொடர்களை வைத்தே கட்டுரைகளைக் கண்டுபிடிக்கிறார்கள் இப்போது. எங்கள் இளையவர் ஒரு கடையில் மாதிரிக்கு இரண்டு பக்கம் கொடுத்துப் பார்த்திருந்தார். அதில் 'செல்ஃப் ஹெல்ப் குரூப்' எல்லாம் 'ஓன் அசிஸ்டன்ஸ் கிளஸ்டர்' ஆகி வந்திருந்தது. ஆய்வின் தலைப்பே அதுதான் என்பதைக் கூடப் பார்க்கவில்லை. வைவாவில் தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் என்ன சொல்வீர்கள்?

இரண்டாவது வகை, மென்பொருளின் கண்ணில் மண் தூவுவது. ஆங்கில 'ஏ' எழுத்துக்குப் பதிலாக அதே உருவத்தில் இருக்கும் ரஷ்ய எழுத்தைப் போடுவது, சொற்களுக்கிடையே வெள்ளை நிறத்தில் எழுத்துகளை ஒளித்து வைப்பது, பத்தியையே படமாக ஒட்டுவது. டர்னிடின் போன்ற சோதனை மென்பொருள்கள் மாற்றிவைத்த எழுத்துகளையும் மறைத்த எழுத்துகளையும் கொடியிட்டுத் தனியாகக் காட்டுகின்றன. வெறுமனே 30 சதவீதம் வந்திருந்தால் அதைக் கவனக்குறைவு என்று விளக்க வழியிருந்தது. இது பிடிபட்டால் ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று ஆகிவிடும். அப்புறம் உங்களுக்காகப் பேச நெறியாளருக்கும் வாய் இருக்காது.

மூன்றாவது வகைதான் பலருக்கும் தெரியாதது. "நாங்களே செக் பண்ணி ரிப்போர்ட்டோட தர்றோம்" என்று சொல்லி உங்கள் இயலை ஏதோ ஒரு கணக்கில் ஏற்றுவார்கள். அந்தக் கணக்கில், சோதித்த கோப்புகளைத் தரவுத்தளத்தில் சேமிக்கும் அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், உங்கள் இயல் அங்கே வேறு யாரோ ஒரு மாணவரின் சமர்ப்பிப்பாகத் தங்கிவிடும். பிறகு பல்கலைக்கழகம் அதே மென்பொருளில் அதிகாரபூர்வமாகச் சோதிக்கும்போது நூற்றுக்கு நூறை ஒட்டி வந்து நிற்கும். சொந்தமாக எழுதிய நல்ல இயல்கூட இப்படி மாட்டிக்கொள்ளும். ஆகவே, எழுதியது எப்படி இருந்தாலும், நூலகத்தைத் தவிர வேறெங்கும் கோப்பை ஏற்றாதீர்கள். நூலகத்திலும் "சேமிக்காமல் ஓட்டுகிறீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இந்த மூன்றும் போக, நீங்கள் ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போடப் போகிறீர்கள்: இது என் சொந்தப் படைப்பு என்று. நெறியாளரும் தன் பங்குக்குச் சான்று தருகிறார். வைவா முடிந்ததும் ஆய்வேடு ஷோத்கங்காவில் ஏறும். யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். இன்று 8 சதவீதம் காட்டும் இயலை, ஐந்து வருடம் கழித்து நீங்கள் உதவிப் பேராசிரியர் நேர்காணலில் உட்கார்ந்திருக்கும்போது, மூல ஆசிரியரே படித்துவிட்டுக் கடிதம் போடலாம். சொற்கள் மாறியிருந்தாலும் தன் வாதம் எது, தன் வரிசை எது என்று அவருக்குத் தெரியும்.

காசு கொடுத்து உதவி வாங்கவே கூடாதா என்றால், கூடும். நீங்கள் எழுதிய வாக்கியங்களில் இலக்கணப் பிழை திருத்த ஆள் வைத்துக்கொள்ளலாம். நெறியாளருக்குச் சொல்லிவிட்டு, நன்றியுரையில் ஒரு வரி எழுதிவிடுங்கள். பிறர் எழுதியதை உங்களுடையதுபோல் ஆக்கித் தரச் சொல்வது வேறு வேலை.

4. நெறியாளரிடம் சொல்லுங்கள், மூலங்களைத் தேடி எடுங்கள்

எழுத உட்காரும் முன் நெறியாளரிடம் போய்விடுங்கள். "சார், ரெண்டாவது சாப்டர்ல இந்த 12 பக்கம் ஒரு தீசிஸிலிருந்தும் ஒரு கட்டுரையிலிருந்தும் அப்படியே வந்திருக்கு. மூலக் கட்டுரைகளைப் படிச்சுத் திருப்பி எழுதுறேன், ஒரு மாசம் வேணும்" என்று அறிக்கையை நீட்டிச் சொன்னால், திட்டு விழும், கால அவகாசமும் கிடைக்கும். சமர்ப்பிப்புத் தேதிக்கு நான்கு நாள் முன்பு அவராகக் கண்டுபிடித்தால் திட்டு மட்டும்தான் கிடைக்கும்.

அடுத்தது மூலங்கள். மற்றொருவரின் மீளாய்வு இயலிலிருந்து எடுத்தால், அவர் படித்த நூல்களின் பெயர்கள் எல்லாம் உங்கள் இயலில் இருக்கும். நீங்கள் ஒன்றைக்கூடப் படித்திருக்க மாட்டீர்கள். அவர் ஆண்டைத் தவறாகப் போட்டிருந்தால் உங்களுடையதிலும் அதே தவறு. எங்கள் இளையவருக்கு அதுதான் நடந்தது: கட்டுரை வெளிவந்த ஆண்டு ஒன்று, இவர் போட்டது மற்றொன்று. ஷோத்கங்கா ஆய்வேட்டைத் திறந்து பார்த்தால் அங்கும் அதே தவறான ஆண்டு. அதை மென்பொருள் காட்டவில்லை, நூலகர் காட்டினார்.

எனவே வண்ணம் விழுந்த பகுதியில் குறிப்பிடப்பட்ட ஒவ்வொரு மூலத்துக்கும் ஒரு வரிசை போட்டு, "முழுப் பிரதி கையில் உண்டா?" என்று ஒரு கட்டம் வையுங்கள். அரசுக் கல்லூரி, அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 2025 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ள 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டத்தின் கீழ் ஏராளமான இதழ்களைக் காசில்லாமல் படிக்க முடியும். நூலகத்தில் கணக்குத் திறந்து தருவார்கள். கிடைக்காத கட்டுரைக்கு ஆசிரியருக்கே மின்னஞ்சல் போடுங்கள். பலரும் அனுப்பிவிடுகிறார்கள்.

எத்தனை தேடியும் கிடைக்காததை இயலிலிருந்து எடுத்துவிடுங்கள். அது இல்லாமல் வாதம் நிற்காது என்றால், நீங்கள் அதை எங்கே படித்தீர்களோ அவரையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்: "ஆ (1998), அ (2016, ப. 47) எடுத்துக்காட்டியபடி" என்று. துணைநூற்பட்டியலில் அ-வின் நூல் மட்டும் வரும். இப்படி ஒன்றிரண்டு இருக்கலாம். பக்கத்துக்கு ஒன்று என்றால் தேர்வாளர் முகம் சுளிப்பார்.

5. மூடிவைத்துவிட்டு எழுதுங்கள்

இதுதான் உண்மையான வேலை. ஒரு பத்தியை எடுத்துக்கொண்டு செய்து காட்டுகிறேன். பத்தி எடுத்துக்காட்டுக்காக நானே எழுதியது, எண்களும் அப்படியே; ஆசிரியரை 'அ' என்றும், ஆண்டு 2016, பக்கம் 47 என்றும் வைத்துக்கொள்வோம். புரிவதற்காகத் தமிழில் தருகிறேன். ஆங்கில ஆய்வேட்டுக்கும் முறை இதே.

மூலம்:

> சுய உதவிக் குழுக்களில் சேர்ந்த பெண்களின் கையில் பணப் புழக்கம் கூடியது உண்மை. ஆனால் கடனை எதற்குச் செலவிடுவது என்ற முடிவைப் பெரும்பாலும் கணவரே எடுத்தார். நாங்கள் நேர்கண்ட 120 பேரில் 78 பேர், தொகை வந்த அன்றே அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டதாகக் கூறினர். ஆகவே கடன் கிடைத்ததை மட்டும் வைத்துப் பெண்கள் அதிகாரம் பெற்றுவிட்டனர் என்று சொல்ல முடியாது.

மாற்றித் தரும் கடையில் இது இப்படித் திரும்பி வரும்:

> சுய உதவிக் குழுமங்களில் இணைந்த மகளிரின் கரங்களில் நிதிச் சுழற்சி அதிகரித்தது மெய்யே. எனினும் கடனை எதன்பொருட்டுச் செலவழிப்பது என்கிற தீர்மானத்தைப் பெருமளவு கணவரே மேற்கொண்டார். நேர்காணப்பட்ட 120 நபர்களுள் 78 நபர்கள், பணம் கிடைத்த தினமே அதனைக் கணவரிடம் ஒப்படைத்ததாகத் தெரிவித்தனர். எனவே கடன் பெற்றதை மாத்திரம் கொண்டு மகளிர் ஆற்றல் அடைந்துவிட்டனர் எனக் கூறவியலாது.

மென்பொருள் இதை விட்டுவிடலாம். ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நான்கு வாக்கியம், அதே நான்கு வாக்கியம். அதே வரிசை, 'ஆனால்' இருந்த இடத்தில் 'எனினும்', 'ஆகவே' இருந்த இடத்தில் 'எனவே'. மூல ஆசிரியர் கட்டிய வீட்டுக்கு வேறு வண்ணம் அடித்தது மட்டும்தான் நடந்திருக்கிறது. பொருளும் கெட்டிருக்கிறது: 'அதிகாரம்' என்பது இந்தத் துறையின் கலைச்சொல்; 'ஆற்றல்' என்று மாற்றியதும் ஆசிரியர் சொல்லாத ஒன்றை அவர் தலையில் கட்டியாகிவிட்டது. கடைசியில் (அ, 2016) என்று போட்டாலும் இது சரியாகாது. மூலம் குறிப்பிட்டால் கருத்து அவருடையது என்று சொன்னதாகும். வாக்கிய அமைப்பு உங்களுடையது என்று நீங்கள் காட்டுவது அப்போதும் பொய்தான்.

முறையாகச் செய்வது இப்படி.

மூலப் பத்தியை, பொருள் விளங்கும் வரை படியுங்கள். பிறகு அதை மூடிவையுங்கள். திரையில் இருந்தால் ஜன்னலைச் சுருக்கிவிடுங்கள். உங்கள் குறிப்பேட்டில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தோழிக்குச் சொல்வதுபோல் ஒன்றிரண்டு வரி எழுதுங்கள். இளையவர் எழுதியது: "கடன் இவங்க பேர்ல வருது, காசு புருஷன் கைக்குப் போயிடுது. 120-ல 78. அதனால கடன் கிடைச்சதை அதிகாரத்துக்கு அளவுகோலா வைக்கக் கூடாதுங்குறார். ப. 47." ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு இது பெரிய வரம். குறிப்பைத் தமிழில் எடுத்தால் மூலத்தின் ஆங்கிலத் தொடர்கள் தலையில் ஒட்டாது. அந்தத் தமிழ்க் குறிப்பிலிருந்து உங்களுக்குத் தெரிந்த எளிய ஆங்கிலத்தில் எழுதுங்கள். எளிய ஆங்கிலம் என்று எந்தத் தேர்வாளரும் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பியதை நான் பார்த்ததில்லை.

பக்க எண்ணைக் குறிப்பு எடுக்கும்போதே போட்டுவிடுங்கள். பிறகு போடலாம் என்று விட்டால், சமர்ப்பிக்கும் வாரத்தில் ஒரு எண்ணுக்காக முந்நூறு பக்க நூலைப் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பத்தி என் ஆய்வுக்கு எதற்கு? இதற்குப் பதில் தெரியாததால்தான் காப்பியடிக்க நேர்கிறது. பதில் தெரிந்துவிட்டால் வாக்கியத்தின் வடிவம் தானே மாறிவிடும், ஏனென்றால் ஆசிரியருக்கு முக்கியமாக இருந்தது உங்களுக்கு முக்கியமாக இருக்காது. இளையவரின் ஆய்வில் கடன் தொகையை யார் கையாண்டார் என்பது ஒரு கேள்வி. ஆகவே அவர் எழுதியது:

> கடன் பெறுவதையே அதிகாரம் பெற்றதற்கு அடையாளமாகக் கொள்ளும் போக்கை அ (2016) ஏற்கவில்லை. அவர் சந்தித்த 120 பெண்களில் 78 பேரின் கடன் தொகை அன்றைக்கே கணவரிடம் போய்விட்டது, செலவைப் பெரும்பாலும் தீர்மானித்தவரும் அவரே (ப. 47). இந்த ஆய்வின் வினாப்பட்டியலில் கடன் யார் பெயரில் உள்ளது என்பதோடு, அது யார் கையில் செலவானது என்ற கேள்வியும் சேர்க்கப்பட்டதற்கு இக்கண்டறிதலே காரணம்.

ஆசிரியரின் முடிவு இங்கே முதலில் வந்துவிட்டது, சான்று பின்னால். எது அவர் சொன்னது, எது ஆய்வாளர் சொல்வது என்ற கோடு தெரிகிறது: பெயரில் தொடங்கி, பக்க எண்ணில் முடிகிறது; அதற்கப்பால் உள்ளது ஆய்வாளருடையது. 'அதிகாரம்', 'கடன்', 120, 78 எல்லாம் அப்படியே இருக்கின்றன. கலைச்சொல்லையும் எண்ணையும் மாற்றக் கூடாது.

எழுதிய பிறகு மூலத்தைத் திறந்து ஒருமுறை ஒத்துப்பாருங்கள். ஏதாவது தொடர் அப்படியே வந்திருந்தால் மேற்கோள் குறி போடுங்கள், அல்லது திருத்துங்கள். ஆசிரியர் 'பெரும்பாலும்' என்றதை நீங்கள் 'எப்போதும்' ஆக்கிவிட்டீர்களா என்றும் பாருங்கள். சொல்லை மாற்றுவதில் கவனம் வைக்கும்போது இந்த அளவுச் சொற்கள்தான் முதலில் தொலைகின்றன.

மூடிவைத்தால் ஒன்றும் எழுத வரவில்லையா? பத்தி புரியவில்லை என்று அர்த்தம். மறுபடி படியுங்கள், நெறியாளரிடம் கேளுங்கள், இல்லையென்றால் அந்த மூலத்தை விட்டுவிடுங்கள்.

6. மேற்கோள் குறிப்பதில் சறுக்கும் இடங்கள்

பத்தி முழுதும் ஒருவரின் கருத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் ஒரே ஓர் அடைப்புக்குறி போடுவது வழக்கமான தவறு. கடைசி வாக்கியம் மட்டும்தான் அவருடையது என்று படிக்கப்படும். தொடக்கத்திலேயே பெயரைச் சொல்லிவிட்டு, நடுவில் "அவர் மேலும்", "அதே ஆய்வில்" என்று தொடர்ந்து அடையாளம் காட்டுங்கள்.

சொல்லுக்குச் சொல் எடுத்தால் மேற்கோள் குறி கட்டாயம். ஏ.பி.ஏ. முறையில் 40 சொற்களும் அதற்கு மேலும் என்றால் குறி இல்லாமல் உள்தள்ளித் தனிப் பத்தியாகப் போடுவார்கள். சட்ட வரையறை, ஆசிரியர் புதிதாக ஆக்கிய கலைச்சொல், நீங்கள் மறுக்கப்போகும் வாக்கியம், இவற்றை அப்படியே எடுப்பதுதான் நேர்மை. ஆனால் சதவீதம் குறைகிறது என்பதற்காக ஒட்டிய பத்திகள் எல்லாவற்றுக்கும் மேற்கோள் குறி போட்டு வைக்காதீர்கள். மென்பொருள் விலக்கிவிடும், நெறியாளர் "உன்னுடையது எங்கே?" என்பார்.

மொழிபெயர்ப்பு இன்னொரு பொறி. ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கித் தமிழ் ஆய்வேட்டில் போட்டால் பெரும்பாலும் சதவீதமே காட்டாது. காட்டாவிட்டாலும் அது பிறர் எழுதியதுதான். மூலம் குறிப்பிட்டு, மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றும் எழுத வேண்டும். தமிழ்த்துறை ஆய்வாளர்கள் பலர் இதைத் தவறு என்றே நினைப்பதில்லை.

அட்டவணையையும் வரைபடத்தையும் திரும்ப வரைந்தால் நம்முடையதாகிவிடாது. கீழே 'மூலம்' என்றும், மாற்றியிருந்தால் 'தழுவியது' என்றும் குறிப்பிடுங்கள். உங்கள் பெயரிலேயே முன்பு வெளியான கட்டுரை உங்கள் ஆய்வேட்டோடு ஒத்துப்போகும். அதை இயலின் தொடக்கத்தில் அறிவித்துவிட்டு, கட்டுரையின் முதல் பக்கத்தை நூலகத்தில் கொடுத்தால் விலக்கி ஓட்டுவார்கள். விலக்க நெறியாளரின் கடிதம் கேட்கிறார்களா என்று முன்பே விசாரியுங்கள்.

7. நாள், பணம், காகிதம்

50 பக்க இயலில் மறுபடி எழுத வேண்டியது 25 சதவீதம் என்றால் ஏறக்குறைய 12 பக்கம், 36 பத்தி. மூலங்களைச் சேர்க்க ஒரு வாரம். நாளைக்கு மூன்று பத்திக்கு மேல் ஒழுங்காக எழுத முடியாது, ஆக 12 நாள். நெறியாளர் படிக்க ஒரு வாரம். வேலைக்குப் போய்க்கொண்டே பகுதிநேரமாகச் செய்பவர்கள் இதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். சுருக்கிச் செய்ய முயன்றால் முடிவில் சொல்மாற்றும் வேலையாகத்தான் அது இறங்கும்.

ஷோத்சுத்தி திட்டத்தின் கீழ், யுஜிசியின் நூலக வலையமைப்பு மையமான இன்ஃப்லிப்நெட் பல்கலைக்கழகங்களுக்கு மென்பொருளைக் கட்டணமில்லாமல் தருகிறது. முன்பு உர்குண்ட், இப்போது டிரில்பிட். ஆனாலும் ஆய்வாளரிடம் சோதனைக் கட்டணம் வாங்குவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விருப்பம். எத்தனை முறை ஓட்டலாம், மறுசோதனைக்குத் தனியாகக் கட்ட வேண்டுமா, சலானா ஆன்லைனா என்று கேட்டு வையுங்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள், சான்றிதழ் விண்ணப்பத்தோடு அதைக் கேட்பார்கள். எழுதும்போதே பத்துப் பத்துப் பக்கமாக ஓட்டிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இயல் முழுதும் முடிந்த பின் ஒரு முறை, ஆய்வேடு முழுதும் கட்டிய பின் ஒரு முறை போதும். வேறொரு மென்பொருளில் வந்த எண்ணை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். ஒவ்வொன்றின் தரவுத்தளமும் வேறு, எண்ணும் வேறாகத்தான் வரும்.

கடைசியாகக் கொடுக்க வேண்டியவை பொதுவாக இவை: உங்கள் உறுதிமொழி, நெறியாளர் சான்று, கையெழுத்தும் முத்திரையும் உள்ள சிமிலாரிட்டி அறிக்கை, கட்டண ரசீது, ஆய்வேட்டின் மென்பிரதி. சோதித்த கோப்பும் சமர்ப்பிக்கும் கோப்பும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சான்றிதழில் உள்ள தலைப்பு, சினாப்சிஸில் ஒப்புதல் பெற்ற தலைப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பக்க எண்ணிக்கை அறிக்கையில் ஒன்றும் பிரதியில் இன்னொன்றுமாக இருந்தால் கவுன்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அறிக்கை வந்த பிறகு ஆய்வேட்டில் ஒரு வரியைக்கூடச் சேர்க்காமல் பைண்டிங்குக்குக் கொடுங்கள்; சேர்த்தே ஆக வேண்டும் என்றால் மறுபடி ஓட்டிப் புது அறிக்கை வாங்கிவிட்டுக் கொடுங்கள்.